எல்லாப் பட்டனுக்கும் ஒரே கிரவுண்ட்

வீட்டிலேயே ஆர்கேட் கண்ட்ரோலர் செய்ய உட்காருகிறவர்கள் முதலில் பயப்படுவது யு.எஸ்.பி. என்கோடர் போர்டைப் பார்த்துத்தான். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சர்க்யூட், ஓரங்களில் வரிசையாகப் பின்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஏதோ ஒரு குறி. எங்கே எதைக் கொடுத்தால் புகை வருமோ என்று கை தயங்கும். உண்மையில் அந்தப் போர்டு கெடுவது அபூர்வம். ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை விழுகிறது, நேற்று வேலை செய்த பட்டன் இன்று செய்யவில்லை, ஆட்டத்தின் நடுவில் நான்கு பட்டன்கள் ஒன்றாகப் படுத்துவிட்டன என்ற புகார்களுக்கெல்லாம் காரணம் பெரும்பாலும் பட்டனின் அடிப்பக்கத்தில், சுண்டுவிரல் நகத்தைவிடக் குறுகலான ஒரு தகட்டில் இருக்கும்.

அந்தத் தகடு உங்களுக்குப் புதியதல்ல. பழைய யு.பி.எஸ்ஸைத் திறந்து பேட்டரி மாற்றியவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். பேட்டரியின் தலையில் இரண்டு தட்டையான தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு, கறுப்பு ஒயர்களின் நுனியில் இருக்கும் உலோக உறை அந்தத் தகட்டின்மேல் சறுக்கி ஏறி இறுகிக்கொள்ளும். திருகாணி கிடையாது, ஈயப் பற்றவைப்பு கிடையாது. தகட்டை ஆண் என்றும் உறையைப் பெண் என்றும் சொல்வது வழக்கம். அமெரிக்காவின் ஆம்ப் நிறுவனம் தன் தயாரிப்புக்கு வைத்த ஃபாஸ்டான் என்ற வணிகப் பெயரே பலருக்கு இதன் பொதுப்பெயர் ஆகிவிட்டது. நம் எலெக்ட்ரிக்கல் கடையில் ஃப்ளாட் டெர்மினல் என்றோ லக் என்றோ கேட்டால் எடுத்துப் போடுவார்கள்.

ஆர்கேட் பட்டன்களுக்கு இந்த இணைப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. காசு போட்டு ஆடும் எந்திரத்தில் பட்டன் என்பது தேய்ந்து தீர்கிற சாமான். நாள் முழுக்கக் குத்து வாங்கும் பட்டன் ஒன்று போய்விட்டால், கடைக்காரர் மூடியைத் திறந்து, இரண்டு ஒயர்களையும் உருவி, புதிய பட்டனைப் பொருத்தி, திரும்பச் செருகி, ஐந்து நிமிடத்தில் எந்திரத்தை ஓட விட வேண்டும். சால்டரிங் அயர்னைச் சூடேற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. இன்னொன்று, பட்டனின் உடம்பு பிளாஸ்டிக். தகட்டில் நேரடியாக ஈயம் வைத்தால் அது பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இளகி, தகடு ஆட ஆரம்பித்துவிடும். ஜப்பானின் சான்வா நிறுவனத்தின் ஓபிஎஸ்எஃப்-30 போன்ற 30 மில்லிமீட்டர் பட்டன்களில் சுவிட்ச் உள்ளேயே அடங்கியிருப்பதால், தகடு ஆடினால் பட்டனையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

இனி அளவு. இங்கேதான் முதல் சறுக்கல் நடக்கும். எல்லாத் தகடுகளும் ஒரே அகலம் அல்ல. சான்வா, செய்மிட்சு போன்ற ஜப்பானியப் பட்டன்களில் தகட்டின் அகலம் 2.8 மில்லிமீட்டர். அங்குலக் கணக்கில் 0.110 என்பதால் இதை '110' என்று அழைப்பார்கள். ஹாப் வகை அமெரிக்கப் பட்டன்களிலும், நான்கு தனித்தனி மைக்ரோ சுவிட்ச் வைத்த ஜாய்ஸ்டிக்குகளிலும் பெரும்பாலும் 4.8 மில்லிமீட்டர், அதாவது '187'. யு.பி.எஸ் பேட்டரியில் இந்த 4.8-உம் உண்டு, அதற்கு மேல் 6.3-உம் உண்டு. கடையில் போய், "அண்ணே, 2.8 எம்எம் ஃபீமேல் லக் இருக்கா?" என்று கேட்டால், "எதுக்குப் போடறது தம்பி, பேட்டரிக்கா?" என்று கேட்டுவிட்டு 6.3 பாக்கெட்டை நீட்டுவதற்கே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அதிகம் விற்பது அதுதான். பட்டன் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் செருகிப் பார்த்து வாங்குவது நல்லது.

பெரிய உறையைச் சின்னத் தகட்டில் போட்டு, பிளேயரால் ஒரு நசுக்கு நசுக்கினால் இறுகிவிடுமே என்று தோன்றும். அந்த நேரத்துக்கு இறுகும். உறையின் இரு ஓரங்களும் உள்பக்கம் சுருண்டிருப்பதைக் கவனியுங்கள். அந்தச் சுருள்தான் ஸ்பிரிங். தகடு உள்ளே போகும்போது அது கொஞ்சம் விரிந்து, பிறகு தகட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். நசுக்கிய சுருளில் அந்த விறைப்பு இருக்காது. ஒவ்வொரு தடவை பட்டனைக் குத்தும்போதும் உண்டாகும் அதிர்வில் உறை மயிரிழை மயிரிழையாக நகர்ந்து, இரண்டு வாரத்தில் தொட்டும் தொடாமலும் நிற்கும். சரியான அளவு உறை என்றால் செருகும்போது விரல் நுனி வலிக்கும். தகட்டின் நடுவில் ஒரு சின்ன ஓட்டையோ பள்ளமோ இருந்தால், உறையிலுள்ள புடைப்பு அதில் போய் உட்கார்ந்து 'டக்' என்று ஒரு உணர்வு தரும். அது வரும்வரை தள்ள வேண்டும். நேராகத் தள்ள வேண்டும் என்பது முக்கியம். பக்கவாட்டில் ஆட்டி ஆட்டிச் செருகினால் தகடு வளைந்துவிடும். கழற்றும்போதும் ஒயரைப் பிடித்து இழுக்காமல், மூக்கு நீண்ட பிளேயரால் உறையையே பற்றி நேராக உருவ வேண்டும்.

உறைக்கும் ஒயருக்கும் இடையிலான பிடி அடுத்தது. இதைக் கிரிம்ப் செய்வது என்பார்கள். மூடாத உறையின் வாலில் இரண்டு ஜோடிச் சிறகுகள் இருக்கும். முன் ஜோடி செம்பு இழைகளை மடக்கிப் பிடிப்பதற்கு, பின் ஜோடி ஒயரின் மேல்தோலைப் பிடிப்பதற்கு. முன் ஜோடி மின்சாரத்துக்கு, பின் ஜோடி இழுவைக்கு. பலர் இரண்டையும் சேர்த்து செம்பின்மேல் மடக்கிவிடுவார்கள். அப்போது ஒயர் அசையும்போதெல்லாம் செம்பு இழைகள் சிறகின் விளிம்பிலேயே மடங்கி மடங்கி ஒவ்வொன்றாக அறும். இன்னொரு பழக்கம், பாதுகாப்புக்காக இழைகளில் முதலில் ஈயம் ஏற்றிவிட்டுப் பிறகு கிரிம்ப் செய்வது. இது நல்லதல்ல. ஈயம் மென்மையானது. அழுத்தத்தில் அது மெதுவாக விலகிக் கொடுக்கும், சில மாதங்களில் பிடி தளர்ந்துவிடும். வெறும் செம்பு இழைகளைத்தான் நசுக்க வேண்டும். அதற்கு ராட்செட் வைத்த கிரிம்பிங் டூல் வேண்டும். முழு அழுத்தம் கொடுக்கும்வரை அது வாயைத் திறக்காது. சாதாரண பிளேயரில் எவ்வளவு அழுத்தினோம் என்பது நம் மனநிலையைப் பொறுத்தது.

செய்து முடித்த ஒவ்வொன்றையும் ஒரு கையில் உறை, மறு கையில் ஒயர் என்று பிடித்து அழுத்தமாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் இப்போதே வந்ததற்குச் சந்தோஷப்படுங்கள்.

ஒயரின் தடிமனைப் பற்றி ஒரு தவறான கவலை உண்டு. மைக்ரோ சுவிட்சின்மேல் 5 ஆம்பியர், 250 வோல்ட் என்றெல்லாம் அச்சிட்டிருப்பதைப் பார்த்துத் தடித்த ஒயர் வாங்குவார்கள். அது அந்தச் சுவிட்ச் தாங்கக்கூடிய அளவு. நம் வேலையில் அதில் ஓடப்போவது ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஏன் இவ்வளவு குறைவு என்பதைப் புரிந்துகொண்டால் கிரவுண்ட் விஷயமும் புரிந்துவிடும்.

ராஸ்பெர்ரி பை பிகோ போர்டில் செய்த என்கோடரை எடுத்துக்கொள்வோம். வீட்டில் செய்கிறவர்களிடையே இப்போது இது பரவலாக இருக்கிறது. அதன் ஒவ்வொரு உள்ளீட்டுப் பின்னும் சிப்பின் உள்ளேயே இருக்கும் ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டில் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அந்த ரெசிஸ்டரின் அளவு 50,000 ஓமுக்கு மேல். பட்டனைத் தொடாதபோது பின்னில் 3.3 வோல்ட் நிற்கும். சிப் அதை 'அழுத்தவில்லை' என்று எடுத்துக்கொள்கிறது. பட்டனின் ஒரு தகடு இந்தப் பின்னுக்கும், மறு தகடு கிரவுண்டுக்கும் போயிருக்கிறது. அழுத்தியதும் பின் நேராகக் கிரவுண்டைத் தொடும், வோல்ட்டேஜ் பூஜ்யத்துக்கு விழும். அதுதான் 'அழுத்தியாயிற்று'. மின்சாரம் அந்தப் பெரிய ரெசிஸ்டரைக் கடந்து வர வேண்டியிருப்பதால் நூல் அளவு கசிகிறது, அவ்வளவே. ஒயரின் தடிமன் கை வேலைக்கு வாகாக இருந்தால் போதும்.

ஆக, பட்டன் செய்கிற ஒரே வேலை தன்னுடைய பின்னைக் கிரவுண்டோடு சேர்ப்பது. பின் ஒவ்வொரு பட்டனுக்கும் வேறு. கிரவுண்ட் எல்லாருக்கும் ஒன்று. பத்துப் பட்டனுக்கும் பத்துத் தனி கிரவுண்ட் ஒயர்கள் போர்டிலிருந்து வரத் தேவையில்லை. போர்டின் ஒரு கிரவுண்ட் பின்னிலிருந்து கிளம்பும் ஒரே ஒயர் ஒவ்வொரு பட்டனையும் தொட்டுக்கொண்டு போகலாம். பட்டனில் எந்தத் தகடு கிரவுண்டுக்கு, எது சிக்னலுக்கு என்ற கேள்வியும் இல்லை. இரண்டு தகடு மட்டும் உள்ள பட்டனில் எப்படி மாற்றிப் போட்டாலும் ஒன்றே.

இந்த முறை வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. ஜப்பானிய ஆர்கேட் எந்திரத் தயாரிப்பாளர்கள் 1985இல் ஜாமா என்ற பொது இணைப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். 56 தொடுமுனைகள் உள்ள ஒரு விளிம்பு கனெக்டர். கேம் போர்டை மாற்றினால் போதும், எந்திரத்தின் ஒயர்களைத் தொட வேண்டாம். அதிலும் பட்டன்களும் ஜாய்ஸ்டிக்கும் ஒரே கிரவுண்டைத்தான் பகிர்ந்துகொண்டன. 1997இல் மேம் என்ற எமுலேட்டர் வந்து, பழைய ஆட்டங்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடலாம் என்றானபோது, பலர் ஒரு பழைய கீபோர்டைப் பிரித்து, அதன் சர்க்யூட்டில் பட்டன் ஒயர்களைப் பற்றவைத்தார்கள். கீபோர்டின் உள்ளே பொதுக் கிரவுண்ட் கிடையாது. எழுத்துகள் வரிசையும் நிரலுமாகக் கோக்கப்பட்டிருக்கும். மூன்று பட்டன்களை ஒன்றாக அழுத்தும்போது, அழுத்தாத நான்காவது ஒன்று தானே விழுந்ததாகக் காட்டும், இல்லாவிட்டால் அழுத்தியதில் ஒன்று விழாது. சண்டை ஆட்டத்தில் இது தோல்விக்குச் சமம். ஒவ்வொரு பட்டனுக்கும் தனிப் பின், எல்லாருக்கும் பொதுக் கிரவுண்ட் என்ற என்கோடர் போர்டுகள் வீட்டுக்குள் நிலைபெற இந்தத் தொல்லையும் ஒரு காரணம்.

இப்போது ஒரு பெட்டியை உண்மையிலேயே கோத்துப் பார்ப்போம். சான்வா ஜேஎல்எஃப் ஜாய்ஸ்டிக் ஒன்று, 30 மில்லிமீட்டர் பட்டன் எட்டு, ஸ்டார்ட்டுக்கும் செலக்டுக்கும் 24 மில்லிமீட்டர் பட்டன் இரண்டு. பட்டன்கள் மொத்தம் பத்து, தகடுகள் இருபது, எல்லாம் 2.8. சிக்னல் ஒயர் பத்து. கிரவுண்டுக்கு ஒரு சங்கிலி. ஜாய்ஸ்டிக்குக்கு அதனுடைய ஐந்து கம்பிக் கட்டு.

ஒயர் கடையில் 14/36, 7/36 என்று இரண்டு வகை கேட்டு வாங்கலாம். 36ஆம் கேஜ் இழை பதினான்கு, அதே இழை ஏழு என்று பொருள். சிக்னலுக்கு 14/36, கிரவுண்ட் சங்கிலிக்கு 7/36. ஏன் இப்படி என்றால், சங்கிலியில் ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒயர் இரட்டையாக மடங்கிப் போகப்போகிறது. ஏழும் ஏழும் பதினான்கு. ஆகவே எல்லா உறைகளிலும் ஒரே அளவு செம்பு, கிரிம்பிங் டூலில் ஒரே பள்ளம்.

சங்கிலியை வழக்கமாகத் துண்டு துண்டாகச் செய்வார்கள். பத்து சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் ஒரே உறையில் சேர்த்து நசுக்குவது. இதில் ஒரு உறையின் பிடி தளர்ந்தால் அதற்கு அப்பால் உள்ள பட்டன்கள் எல்லாம் போய்விடும். இதைவிட நல்ல வழி ஒயரை வெட்டாமலே செய்வது. ஒன்றரை மீட்டர் 7/36 எடுத்து, தலைப்பக்கம் போர்டு வரை போக முப்பது சென்டிமீட்டர் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் பேனாவால் ஒரு குறி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பட்டன்களின் மையத்துக்கு மையம் நாலு சென்டிமீட்டர்கூட வராது என்றாலும், ஒயர் வளைந்து இறங்கி ஏற இந்தத் தாராளம் வேண்டும். குறி வைத்த இடத்தில் ஸ்டிரிப்பரால் மேல்தோலை மட்டும் கடித்து, ஒரு சென்டிமீட்டருக்குச் செம்பு தெரியும்படி தோலைத் தள்ளிவிடுங்கள். செம்பு அறுபடக் கூடாது. தெரியும் செம்பை நடுவில் கொண்டையூசி போல மடித்து, அந்த மடிப்பை உறையின் முன் சிறகுகளுக்குள் வைத்து நசுக்குங்கள். பின் சிறகுகள் இரண்டு ஒயர்களின் தோலையும் சேர்த்து அணைக்கும். இப்போது எந்த உறை கழன்றாலும் அந்த ஒரு பட்டன் மட்டும்தான் போகும், கிரவுண்ட் ஒயர் அறுபடாமல் அடுத்ததற்குப் போய்க்கொண்டேயிருக்கும். சங்கிலியின் வாலைச் சும்மா விடாமல் அதையும் போர்டின் இன்னொரு கிரவுண்ட் பின்னுக்குக் கொண்டுபோனால், நடுவில் எங்காவது ஒயரே அறுந்தாலும் மறுபக்கத்திலிருந்து கிரவுண்ட் வந்துவிடும். அதற்கு இன்னும் முப்பது சென்டிமீட்டர் ஒயர் கூடுதலாக வெட்டிக்கொண்டால் போதும்.

உறைகளுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி இல்லையென்றால், நசுக்குவதற்கு முன்பே சிறு ஸ்லீவ் ஒன்றை ஒயரில் ஏற்றிவிடுங்கள். பட்டனின் இரண்டு தகடுகளும் நெருக்கமாக இருப்பவை. திறந்த உறைகள் ஒன்றையொன்று சாய்ந்து தொட்டால் அந்தப் பட்டன் ஓயாமல் அழுத்தியபடியே இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைக்கும்.

விலை குறைந்த என்கோடர் போர்டுகள் சிலவற்றில் ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு கம்பிப் பிளக், நுனியில் உறையுடன் தயாராகவே வரும். அவற்றில் சங்கிலி தேவையில்லை. ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு கம்பி கிரவுண்டாக இருக்கும். அந்தக் கிரவுண்ட் எல்லாப் பிளக்குகளுக்கும் பொதுவா என்று மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, இரண்டு பிளக்குகளின் ஒரே பக்கத்துப் பின்களைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பீப் வந்த பக்கம் கிரவுண்ட். யு.எஸ்.பி. ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிட்டுச் செய்ய வேண்டிய சோதனை இது. வாங்கும்போது மட்டும் உறையின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 4.8 உறை வைத்த கட்டை அனுப்பிவிட்டால், 2.8 பட்டனுக்கு அது உதவாது.

ஜாய்ஸ்டிக்குக்கு வருவோம். ஜேஎல்எஃப்பின் அடியில் ஒரு சின்னச் சர்க்யூட்டில் நான்கு மைக்ரோ சுவிட்சுகள் உட்கார்ந்திருக்கும். நான்கின் கிரவுண்டும் அங்கேயே இணைக்கப்பட்டு, ஐந்து பின்னாக வெளியே வரும். நான்கு திசை, ஒரு கிரவுண்ட். இதில் ஃப்ளாட் டெர்மினல் வேலையே இல்லை. ஆனால் ஐந்து கம்பிக் கட்டு தலைகீழாக மாறிப் போகிற ஆபத்து உண்டு, குறிப்பாகப் போர்டுப் பக்கத்தில் நாமே கம்பிகளை ஒவ்வொன்றாகச் செருகும்போது. கிரவுண்ட் பின் வரிசையின் ஒரு கோடியில் இருப்பதால், தலைகீழானால் ஒரு திசையின் கம்பி கிரவுண்டுக்கும், கிரவுண்ட் கம்பி ஒரு திசைப் பின்னுக்கும் போய்விடும். அப்போது நான்கு திசையில் ஒன்றே ஒன்று மட்டும் எதையாவது காட்டும். மற்ற மூன்றிலும் தள்ளினால், சுவிட்ச் இரண்டு சிக்னல் பின்களை ஒன்றோடொன்று சேர்க்குமே தவிர எதையும் கிரவுண்டுக்குக் கொண்டுபோகாது. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது. மூன்று சுவிட்ச் ஒரே நாளில் கெட்டுவிட்டதாக நினைத்து ஜாய்ஸ்டிக்கைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கட்டைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.

தனித்தனி மைக்ரோ சுவிட்ச் வைத்த ஜாய்ஸ்டிக் என்றால் நான்கு சுவிட்சின் கிரவுண்ட் தகடுகளையும் நம் சங்கிலியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். இங்கே இரண்டு விஷயம். ஒன்று, குச்சி நடுவில் ஊன்றித் திரும்புவதால், மேல்முனையை முன்னால் தள்ளினால் அடிமுனை பின்னால் போகும். ஆகவே 'மேலே' என்ற திசைக்குரிய சுவிட்ச் உங்கள் வயிற்றுப் பக்கம் இருப்பது, இடதுக்குரியது வலப்பக்கம் இருப்பது. குச்சியைத் தள்ளிப் பார்த்து எந்தச் சுவிட்சில் 'டிக்' சத்தம் வருகிறதோ அதற்கு ஒயர் கொடுங்கள். இரண்டு, இந்தச் சுவிட்சுகளுக்கு மூன்று தகடுகள் இருக்கும். பொது, சாதாரணமாகத் திறந்தது, சாதாரணமாக மூடியது. பக்கத்தில் 1, 2, 4 என்று எண் போட்டிருந்தால் 1 பொது, 2 மூடியது, 4 திறந்தது. நமக்கு வேண்டியவை 1-உம் 4-உம். 2-ஐப் போட்டால் தொடாதபோது அழுத்தியதாகவும், அழுத்தும்போது விட்டதாகவும் எல்லாம் தலைகீழாக நடக்கும்.

எல்லாம் கோத்தபின் பெட்டியின் அடி மூடியைத் திருகுவதற்கு முன் கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து `joy.cpl` என்று தட்டினால் கண்ட்ரோலரின் பட்டன்கள் விளக்குகளாகத் தெரியும். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து இதைக் கொடுக்கலாம்:

```
jstest /dev/input/js0
```

ஒவ்வொரு பட்டனாக அழுத்தித் திரையைப் பாருங்கள். பிறகு எதையும் அழுத்தாமல், ஒவ்வொரு ஒயரையும் விரலால் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது திரையில் ஏதாவது மின்னினால் அந்த உறையில் கோளாறு. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன் இரண்டு ஒயர்களையும் ஆட்டுங்கள். விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அதுவும் அப்படியே. சுவிட்ச் தொடும்போது வரும் துள்ளலை என்கோடரின் மென்பொருள் சில மில்லி செகண்ட் பொறுத்துச் சரிசெய்துகொள்ளும். தளர்ந்த உறையின் ஆட்டத்தை அது சரிசெய்ய முடியாது. ஒரு அழுத்தல் இரண்டாக விழுந்தால் மென்பொருள் அமைப்பைத் திருகுவதற்கு முன் உறையைப் பாருங்கள்.

கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் அறிகுறியே சொல்லிவிடும். துண்டு ஒயர்களால் செய்த, வால் சும்மா விடப்பட்ட சங்கிலி ஒன்றில், போர்டிலிருந்து ஆறாவது பட்டன் வரை வேலை செய்கிறது, ஏழு முதல் பத்து வரை ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். நான்கு பட்டனும் நான்கு சிக்னல் ஒயரும் ஒன்றாகக் கெட வாய்ப்பில்லை. அவற்றுக்குப் பொதுவானது கிரவுண்ட். ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே அது அறுந்திருக்கிறது, அல்லது அந்த இரண்டு உறைகளில் ஒன்றில் ஒரு ஒயர் பிடியிலிருந்து நழுவியிருக்கிறது. மற்ற இடங்களைத் தோண்ட வேண்டியதில்லை.

ஒரே ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யாதபோது கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிக்னலா, கிரவுண்டா, சுவிட்சா? ஒரு துண்டு ஒயரை எடுத்து அதன் ஒரு நுனியைப் போர்டின் கிரவுண்டில் வையுங்கள். மறு நுனியால் அந்தப் பட்டனின் சிக்னல் தகட்டைத் தொடுங்கள். பட்டன் செய்கிற வேலையைத்தான் இப்போது உங்கள் கை செய்கிறது, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. திரையில் விளக்கு எரிந்தால் சிக்னல் ஒயரும் போர்டும் நலம். எரியவில்லையென்றால் சிக்னல் ஒயரின் இரண்டு முனைகளில் ஒன்று. எரிந்தது என்றால், அடுத்து அதே கிரவுண்ட் நுனியைப் பட்டனின் மறு தகட்டில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். இப்போது வேலை செய்தால் சங்கிலியின் அந்த உறை கெட்டது. இப்போதும் இல்லையென்றால் பட்டனின் சுவிட்சே கெட்டது.

விளக்கு எரிகிற பட்டன் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அதன் அடியில் சுவிட்சின் தகடுகளோடு விளக்கின் தகடுகளும் இருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல. சுவிட்சின் ஒரு தகட்டுக்குக் கிரவுண்டும் மறு தகட்டுக்கு 5 வோல்ட்டும் தவறாகப் போய்விட்டால், பட்டனைத் தொடாதவரை ஒன்றும் தெரியாது. அழுத்திய கணம் யு.எஸ்.பி. மின்சாரமே ஷார்ட் ஆகி, கண்ட்ரோலர் முழுவதும் திரையிலிருந்து மறைந்து, விட்டதும் திரும்ப வரும். அப்படி ஒரு பட்டன் மட்டும் மொத்தப் பெட்டியையும் அணைத்து எழுப்பினால், அதை இன்னொரு முறை அழுத்தாமல் கழற்றுங்கள். விளக்கின் 5 வோல்ட் சிக்னல் பின்னுக்குப் போனால் இன்னும் மோசம், பிகோவின் பின் 3.3 வோல்ட்டுக்கானது. இந்தப் பட்டன்களில் 12 வோல்ட் விளக்கு வைத்தவையும் விற்கிறார்கள். யு.எஸ்.பி.யில் ஓட்ட நினைக்கிறவர்கள் 5 வோல்ட் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். விளக்கின் எதிர்முனையைக் கிரவுண்ட் சங்கிலியில் சேர்ப்பதில் தவறில்லை.

இருவர் ஆடும் பெட்டியில் இரண்டு என்கோடர் வைப்பவர்கள் இரண்டுக்கும் தனித்தனிச் சங்கிலி போடுவதே நல்லது. இரண்டாம் ஆட்டக்காரரின் ஒரு பட்டனுக்கு முதல் போர்டின் சங்கிலியிலிருந்து கிரவுண்ட் எடுத்தாலும் வேலை செய்யும், ஏனென்றால் இரண்டு போர்டின் கிரவுண்டும் கம்ப்யூட்டருக்குள் ஒன்றாகத்தான் இருக்கின்றன. முதல் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் மட்டும் ஆடும் நாளில் அந்தப் பட்டன் மட்டும் படுத்துவிடும். காரணம் தேடி ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

செலவைப் பற்றிக் கேட்டால் என் கணக்கு இது. என்கோடர் போர்டு விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. மிச்சம் பிடித்த பணத்தில் ராட்செட் கிரிம்பிங் டூல் ஒன்றும், 2.8 உறை தேவைக்கு மேல் ஒரு பத்தும் வாங்குங்கள். முதல் ஐந்தை எப்படியும் வீணாக்குவீர்கள்.